பதவியைப் பறித்த கூடாரம்

பழைய ரோமில் குருமார் பறவையைக் காட்டி ஊரை ஏமாற்றினார்கள் என்று யாராவது எழுதினால் எனக்குச் சட்டென்று கோபம் வரும். ஏமாற்று நடக்கவில்லை என்று சொல்ல வரவில்லை. ஆனால் அந்த ஏற்பாடு உண்மையில் எப்படி ஓடியது என்று பார்க்காமல் பேசுகிறோம். கி.மு. 163-ல் நடந்த ஒரு தேர்தலை எடுத்துக்கொள்ளுங்கள்.

ரோமை ஆள ஆண்டுதோறும் தேர்ந்தெடுக்கப்படும் இருவருக்குக் கான்சல் என்று பெயர். அந்த ஆண்டின் கான்சல்களில் ஒருவர் திபேரியஸ் கிராக்கஸ். பின்னாளில் நிலச் சீர்திருத்தத்துக்காகக் கொல்லப்பட்டவரின் அப்பா. அடுத்த ஆண்டுக்கான இரண்டு கான்சல்களைத் தேர்ந்தெடுக்கும் கூட்டத்தை இவர்தான் நடத்தினார். முதலில் வாக்களித்த பிரிவின் முடிவை அறிவித்த ஆள் அந்த இடத்திலேயே விழுந்து செத்துப்போனார். கிராக்கஸ் அசரவில்லை, தேர்தலை நடத்தி முடித்துவிட்டார். ஸ்கிப்பியோ நாசிகாவும் ஃபிகுலஸும் ஜெயித்தார்கள்.

ஜனங்களுக்கு மனசு ஆறவில்லை. விஷயம் செனட்டுக்குப் போனது. செனட், ஈரல் பார்த்துக் குறி சொல்லும் எத்ருஸ்கன்காரர்களை வரவழைத்துக் கேட்டது. "தேர்தலை நடத்தியவர் முறைப்படி நடத்தவில்லை" என்றார்கள் அவர்கள். கிராக்கஸுக்கு வந்ததே கோபம்! அவர் கான்சல் மட்டுமல்ல, பறவைச் சகுனத்தின் விதிகளைக் காக்கும் ஆகுர்கள் குழுவிலும் ஒருவர். எங்கள் ஊர்ச் சகுனத்தைப் பற்றிச் சொல்ல அந்நியர்களான உங்களுக்கு என்ன உரிமை என்று திட்டி வெளியே அனுப்பிவிட்டார்.

கதை அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் பதவிக்காலம் முடிந்து தன் மாகாணத்துக்குப் போன கிராக்கஸ், அங்கே குழுவின் விதி நூல்களைப் படித்துக்கொண்டிருந்தபோது ஒன்று உறைத்தது. கான்சல் தேர்தல் ஊரின் புனித எல்லைக்கு வெளியேதான் நடக்கும், ஏனென்றால் வாக்களிக்கும் கூட்டம் ஒரு படையின் அமைப்பில் நிற்பது, ஊருக்குள் படை கூடக் கூடாது. அங்கே கூடாரம் போட்டுச் சகுனம் பார்த்த கிராக்கஸ், நடுவில் செனட் கூட்டத்துக்காக ஊருக்குள் போயிருந்தார். திரும்பி வரும்போது எல்லையைத் தாண்டுகையில் மறுபடி சகுனம் பார்க்க வேண்டும். மறந்துவிட்டார்.

யாருக்கும் தெரியாத தவறு. தானே கடிதம் எழுதிக் குழுவுக்குச் சொன்னார். குழு செனட்டுக்குத் தெரிவித்தது. கான்சல்கள் விலக வேண்டும் என்று செனட் முடிவெடுத்தது, இருவரும் விலகினார்கள். இதில் நாசிகா கிராக்கஸுக்குச் சகலை! இருவரும் ஸ்கிப்பியோ ஆஃப்ரிக்கானஸின் மருமகன்கள். குடும்பப் பகை ஏதாவது இருந்திருக்குமா என்று நமக்குச் சந்தேகம் வரலாம். ஆனால் விலகியவர்களுக்கு அவமானம் ஒட்டவில்லை. சில ஆண்டுகளில் இருவரும் மறுபடி கான்சல் ஆனார்கள்.

இங்கே கவனிக்க வேண்டியது, ஆகுர்கள் யாரையும் பதவி நீக்கவில்லை. முறை தவறியதா என்று மட்டும் சொன்னார்கள். அதை வைத்து என்ன செய்வது என்பது செனட்டின் வேலை. என் பார்வையில் இது ஆன்மிகத்தைவிட நடைமுறைச் சட்டத்துக்குத்தான் நெருக்கம். அந்தக் குருமாரும் தனிச் சாதி அல்ல, அதே செனட்டில் உட்கார்ந்திருந்த அரசியல்வாதிகள்தான்.

வெஸ்டா தெய்வத்தின் அணையா நெருப்பைக் காத்த பெண் பூசாரிகளான வெஸ்டா கன்னியரின் விஷயத்திலும் இதே பாதைதான். கி.மு. 62 டிசம்பரில், போனா தேயா என்ற பெண் தெய்வத்துக்கு ஆண்கள் நுழையக் கூடாத பூசை சீசர் வீட்டில் நடந்தபோது க்ளோடியஸ் என்ற அரசியல்வாதி பெண் வேடத்தில் உள்ளே புகுந்து மாட்டிக்கொண்டார். கன்னியர் பூசையை முதலிலிருந்து திரும்பச் செய்தார்கள். செனட் விஷயத்தைக் கன்னியரிடமும் தலைமைக் குருமார் குழுவிடமும் அனுப்பிக் கேட்டது. "இது பாவம்" என்று பதில் வந்தது. அத்தோடு அவர்கள் வேலை முடிந்தது. தண்டிப்பதற்குத் தனிச் சட்டம் போட்டு, நடுவர் மன்றம் அமைத்து விசாரித்தார்கள். அங்கே பணம் விளையாடியது. விடுவிக்க 31 வாக்கு, தண்டிக்க 25 வாக்கு என்று க்ளோடியஸ் தப்பித்தார். கன்னியரின் தீர்ப்பு அப்படியே இருந்தது, குற்றவாளிதான் இல்லை.

இந்த ஏற்பாட்டைக் கெடுத்தது மூடநம்பிக்கை என்று நான் நினைக்கவில்லை. விதியை நன்றாகத் தெரிந்தவர்களே கெடுத்தார்கள். கி.மு. 44 ஜனவரியில், ஆகுராகவும் கான்சலாகவும் இருந்த ஆண்டனி, டொலபெல்லா என்ற அரசியல்வாதி கான்சல் ஆவதைச் சகுனத்தால் தடுப்பேன் என்று முன்கூட்டியே அறிவித்தார். வரப்போகும் சகுனம் இவருக்கு எப்படி முன்பே தெரிந்தது என்று பேச்சாளர் சிசரோ பிறகு கிண்டலடித்தார். அவரும் ஓர் ஆகுர்தான். சொன்னபடியே, வாக்கெடுப்பு முடியும் தறுவாயில் ஆண்டனி "வேறொரு நாள்" என்று கூட்டத்தைக் கலைத்தார். அந்தத் தடை செல்லுமா என்பதைச் சீசர் மார்ச் 15 செனட் கூட்டத்தில் எடுக்க இருந்தார். அன்றுதான் அவரைக் கொன்றார்கள். டொலபெல்லா தானாகவே கான்சல் உடையை மாட்டிக்கொண்டார், ஆண்டனியும் அவரைச் சக கான்சலாக ஏற்றுக்கொண்டார்.