அனாட்டமி படத்தை மறைத்துப் படிக்கும் ஜூனியர்களுக்கு

எங்கள் தஞ்சாவூர்ப் பக்கம் முதலாமாண்டு எம்பிபிஎஸ் பிள்ளைகள் இப்போது எல்லோரும் ஆன்கியில்தான் படிக்கிறார்கள். நல்லதுதான். ஆனால் யாரோ செய்து வைத்த ஆயிரக்கணக்கான அட்டைகளை இறக்கிவைத்துக்கொண்டு, தினமும் பச்சை பச்சையாகத் தட்டிவிட்டு, வைவாவில் "பிரேக்கியல் பிளெக்ஸஸ் வரைந்து காட்டு" என்றால் முழிக்கிறார்கள். மென்பொருளைக் குறை சொல்லி என்ன பயன், அட்டை செய்த விதத்தில்தான் கோளாறு.

பிளெக்ஸஸையே எடுத்துக்கொள்வோம். கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கொள்ளிடம் என்று பிரிகிற மாதிரி இது நேராகப் பிரிந்து போனால் ஒரே ராத்திரியில் மனப்பாடம் ஆகிவிடும். இது சேர்ந்து, பிரிந்து, மறுபடி வேறு ஆளோடு சேரும், அங்கேதான் எல்லோரும் விழுகிறார்கள். சி5ம் சி6ம் சேர்ந்து மேல் ட்ரங்க், சி7 தனியாக நடு ட்ரங்க், சி8ம் டி1ம் சேர்ந்து கீழ் ட்ரங்க். ஒவ்வொன்றும் முன், பின் என இரண்டாகப் பிரியும். பின் கிளைகள் மூன்றும் கூடி போஸ்டீரியர் கார்டு. மேல், நடு ட்ரங்குகளின் முன் கிளைகள் லேட்டரல் கார்டு, கீழ் ட்ரங்கின் முன் கிளை மட்டும் மீடியல் கார்டு.

இதைப் புத்தகத்திலிருந்து போட்டோ எடுக்காதீர்கள். ஒரு தாளில் வெறும் கோடாக நீங்களே வரைந்து, இரண்டு துண்டாக வெட்டுங்கள். முதல் படத்தில் ஐந்து ரூட், மூன்று ட்ரங்க். இரண்டாவதில் மூன்று கார்டு, கடைசி ஐந்து நரம்புகள். படத்துக்கு எட்டுப் பெட்டி, அதற்கு மேல் வேண்டாம். முப்பது பெட்டி போட்ட படம் போன் திரையில் எறும்பு ஊர்கிற மாதிரிதான் தெரியும். ஆன்கி 23.10 பதிப்பிலிருந்து Image Occlusion உள்ளேயே இருக்கிறது, தனி ஆட்-ஆன் தேவையில்லை.

அதில் இரண்டு வழி கேட்கும். Hide One, Guess One என்று விட்டால் கேட்கிற பெயர் மட்டும் மறையும், மற்றதெல்லாம் கண்ணெதிரே இருக்கும். லேட்டரலும் மீடியலும் தெரிகிறது என்றால் மிச்சம் போஸ்டீரியர்தானே, இதற்கு அனாட்டமி எதற்கு? Hide All, Guess One போடுங்கள். முதல் வாரம் கடுப்பாக இருக்கும், பரவாயில்லை.

அதிலும் ஒரு ஓட்டை உண்டு. நாள் போகப் போக மூளை நரம்பைப் பார்க்காது, "வலது ஓரத்தில் மூன்றாவது பெட்டி" என்று பதில் சொல்லும். கண்டுபிடிப்பது சுலபம்: அட்டையில் கண நேரத்தில் சரியாக வருவது வெள்ளைத் தாளில் வராது. அதனால் வாரம் ஒருமுறை எதையும் பார்க்காமல் வரைந்து பாருங்கள், எங்கே கை நிற்கிறதோ அந்த இடத்துக்கு ஓர் எழுத்து அட்டை சேருங்கள். "மீடியன் நரம்பு எந்த எந்தக் கார்டிலிருந்து?" லேட்டரல், மீடியல் இரண்டிலிருந்தும். "மேல் ட்ரங்க் அறுந்தால் கை எப்படித் தொங்கும்?" டெல்டாய்டும் பைசெப்ஸும் செயலிழக்கும், தோள் உள்பக்கம் திரும்பி, முழங்கை நீண்டு, உள்ளங்கை பின்னால் பார்க்கும், அதுதான் எர்ப்ஸ் பால்சி. படம் புரிந்திருந்தால்தான் இதற்குப் பதில் வரும். (ஹாலில் இருக்கும் உடலைப் போனில் எடுத்து அட்டை செய்யும் வேலை மட்டும் வேண்டவே வேண்டாம். ஸ்பாட்டருக்கு அட்லஸ் போட்டோ இருக்கிறது.)

நாள் கணக்குக்கு வருவோம். தேர்வுக்கு ஆறு வாரம் இருக்கிறது, ஐம்பது படம், படத்துக்கு எட்டு என்றால் 400 அட்டை. தினம் புதிதாக 20 போட்டால் 20 நாளில் தீரும். மிச்ச மூன்று வாரம் திருப்பிப் பார்க்க மட்டும். ஏன் அவ்வளவு என்றால், ஓர் அட்டை ஒரு நாள், சில நாள், ஒரு வாரம், அப்புறம் இரண்டு வாரம் என்று விரிந்தால்தான் நிற்கும். கடைசி வாரத்தில் சேர்த்த அட்டைக்கு அந்த இடைவெளியே கிடைக்காது, அது பழைய மனப்பாடம்தான், வேறு பெயரில். திருப்பிப் பார்க்கும் வேலையைக் கும்பகோணம் பஸ்ஸிலேயே முடிக்கலாம், உட்கார இடம் கிடைத்தால்.

இன்னொன்று, மறந்துபோனதற்கு Hard அழுத்தாதீர்கள். Hard என்றால் கஷ்டப்பட்டு ஞாபகம் வந்தது என்று அர்த்தம், ஆன்கி அதைத் தேர்ச்சியாகவே எடுத்துக்கொண்டு அட்டையைத் தள்ளிப் போடும். மறந்தால் Again, அவ்வளவுதான். ரோஷம் பார்த்து Hard அழுத்துகிறவர்களின் அட்டைகள் வாரக்கணக்கில் காணாமல் போய், தேர்வுக்கு முந்தின நாள் மொத்தமாகத் தெரியாததாக வந்து நிற்கும். ஒரே அட்டை எட்டு முறை தவறினால் ஆன்கியே leech என்று குறி வைக்கும், அப்போது அதை மறுபடி மறுபடி தட்டாமல் படத்தையே திருத்தி வரையுங்கள். பெரும்பாலும் அந்தப் பெட்டி இரண்டு நரம்புகளைச் சேர்த்து மறைத்திருக்கும்.

என் அட்டைகளைக் கேட்டு இன்பாக்ஸில் வர வேண்டாம், தர மாட்டேன். சந்தேகம் இருந்தால் நீங்கள் வரைந்த படத்தை அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.