இரண்டு பரோட்டாவுக்கு இவ்வளவு விசாரணையா?

கலோரி எண்ணி எடை குறைத்துக்கொண்டிருக்கும் நான் ஞாயிற்றுக்கிழமை போட்ட பரோட்டா படத்துக்குக் கீழே நடந்த கூத்தைப் பார்த்திருப்பீர்கள். “இதுக்குப் பேர்தான் கலோரிக் கணக்கா?” என்று சொந்தக்காரர் ஒருவர் கேட்க, அதற்கு ஐம்பது பேர் சிரிப்பு. ஆமாங்க, இதுக்குப் பேர்தான் கலோரிக் கணக்கு.

கணக்கு நாளுக்கு இல்லை, வாரத்துக்கு. எனக்கு நாளொன்றுக்கு 1800 என்றால் வாரத்துக்கு 12,600. ஆறு நாள் 1700-ல் நிறுத்தினால் ஞாயிறுக்கு 2400 இருக்கும். கடைப் பரோட்டா ஒன்று, பருமனையும் எண்ணெயையும் பொறுத்து, சுமார் 300. இரண்டு பரோட்டா, கொஞ்சம் சால்னா, ஒரு ஆம்லெட், எல்லாம் சேர்த்து 900 வைத்துக்கொள்ளுங்கள். காலைக்கும் மதியத்துக்கும் 1500 மிச்சம். இதில் டயட் எங்கே முடிந்தது?

சால்னாவில்தான் ஆள் ஏமாறுவது. மேலே சிவப்பாக மிதக்கிறதே, அந்த எண்ணெய் ஒரு மேசைக்கரண்டியே 120 கலோரி. பிய்த்துப் போட்டு மேலே ஊற்றினால் பரோட்டா அத்தனையையும் குடித்துவிடும். நான் கிண்ணத்தில் வாங்கி, எண்ணெயை ஒதுக்கிவிட்டுத் தொட்டுக்கொள்கிறேன். கொத்து பரோட்டா பக்கம் போவதில்லை. அதில் எத்தனை பரோட்டா, எவ்வளவு எண்ணெய் என்று கொத்துகிறவருக்கே தெரியாது.

“அப்ப மதியம் பட்டினி கிடந்துட்டு நாலா சாப்பிடலாமே” என்று ஒரு மேதாவி. எங்கள் அக்கா பிரியாணிக்கு அப்படித்தான் பட்டினி கிடப்பாள். பொட்டலம் வந்ததும் ரெண்டு பேர் சோறும் அவள் ஒருத்திக்கே போதாது. மதியம் ஒழுங்காகச் சாப்பிட்டவனால்தான் இரவு இரண்டோடு எழுந்திருக்க முடியும். பிரியாணியோ ஃப்ரைடு ரைஸோ, முதல் வாய்க்கு முன்னாலேயே பாதியை டப்பாவில் எடுத்து ஃப்ரிட்ஜில் வைத்துவிட வேண்டும். சாப்பிட்டு மிச்சம் வைக்கலாம் என்பது நடக்கிற காரியமா?

மைதா விஷம் என்பவர்களோடு எனக்கு வாதமில்லை, நீங்கள் சாப்பிடாதீர்கள். “நாங்களும் இப்படிச் சாப்பிடலாமா?” என்று சர்க்கரை உள்ளவர்கள் கேட்டது மட்டும் நியாயம். உங்களுக்குக் கலோரிக் கணக்கு மட்டும் போதாது, டாக்டரிடம் கேளுங்கள்.

அப்புறம், “திங்கட்கிழமை எடை பார்த்தியா?” என்ற நக்கல். பார்த்தேன், ஒரு கிலோ கூடுதல்தான். உப்பும் மாவும் பிடித்துவைத்த தண்ணீர் அது. ஒரு கிலோ கொழுப்பு ஏற ஏறக்குறைய 7700 கலோரி உபரி வேண்டும், ரெண்டு பரோட்டாவில் அது வருமா? இரண்டு மூன்று நாளில் இறங்கிவிடும். வாராவாரம் இறங்காமலே நின்றால்தான் எங்கோ கணக்கு உதைக்கிறது என்று அர்த்தம்.

நான் வெறும் வெள்ளரிக்காயைத் தின்றுகொண்டு வீட்டில் எல்லோர் மேலும் எரிந்து விழுந்த காலத்தில் “சூப்பர், கீப் இட் அப்” போட்டவர்களும் நீங்கள்தான். என் தட்டை எட்டிப் பார்க்கிற உரிமையை உங்களுக்கு யார் கொடுத்தது? அடுத்த வாரம் மாமா வீட்டுக் கல்யாணம், பிரியாணிப் பந்தி. உட்காரப் போகிறேன். பக்கத்து இலையிலிருந்து யாராவது கணக்குக் கேட்டால், சத்தியமாகப் பதில் சொல்ல மாட்டேன்.