டெலீட் பண்ணிட்டா போச்சா?

வெள்ளிக்கிழமை பள்ளி அசெம்பிளியில், வாட்ஸ்அப்பில் போட்டதை அழிப்பது பற்றி நான் பேசியதை வைத்துப் பெற்றோர் குழுவில் நடந்த பஞ்சாயத்து உங்களுக்குத் தெரியும். பிள்ளைகளை மிரட்டிவிட்டேனாம். எனக்குக் கொடுத்ததே ஐந்து நிமிடம். செம்பூரில் லோக்கல் ஏறினால் குர்லா வருவதற்குள் முடிந்துவிடும். அதற்குள் எங்கே மிரட்டுவது?

நான் சொன்னது இதுதான். ஒரு பையன் காலை 8.10க்கு, நண்பன் வாயைத் திறந்து தூங்கும் படத்தை வகுப்புக் குழுவில் போடுகிறான். 8.14க்குப் பயந்துபோய் எல்லோருக்குமாக நீக்குகிறான். குழுவில் படம் போய்விடும், சரி. ஆனால் 8.12க்கு ஒரு பெண் அதை டியூஷன் குழுவுக்கு ஃபார்வர்ட் செய்திருந்தால், அங்கே அது அவள் அனுப்பிய படம். இவன் நீக்கியது அதைத் தொடாது. எவனோ எடுத்த ஸ்கிரீன்ஷாட் அவன் கேலரியில் இருக்கும். ஐபோனில் தானாகச் சேமிக்கும்படி வைத்திருந்தால் அங்கேயும் தங்கிவிடலாம். நாம் போட்டதை நாம் அழிக்கலாம், அடுத்தவர் எடுத்துவைத்ததை அழிக்க முடியாது. இதில் மிரட்டல் எங்கே இருக்கிறது?

“அப்படின்னா டெலீட்டே பண்ண வேண்டாமா?” என்று ஒரு அப்பா. பண்ணச் சொன்னேன் சார், மேடையிலேயே சொன்னேன். நாலு நிமிடத்தில் அழித்தால் நாலு பேரோடு போகும். வாட்ஸ்அப்பில் இரண்டரை நாள் தாண்டினால் எல்லோருக்குமாக நீக்கவே முடியாது. அழித்த கையோடு அந்த நண்பனிடம் உண்மையைச் சொல், யாருக்கெல்லாம் போனது என்று விசாரித்து அவர்களையும் அழிக்கச் சொல் என்றேன். அது மட்டும் யார் காதிலும் விழவில்லை.

பிஞ்சு மனசாம். பிஞ்சுக் கையில் போன் வாங்கிக் கொடுத்தது நானா?

பட்டவன் சொல்கிறேன். மூன்று வருடத்துக்கு முன் மனைவிக்கு அனுப்ப வேண்டியதைக் குடும்பக் குழுவில் போட்டுவிட்டேன். ‘உங்க சித்தப்பா கல்யாணப் பத்திரிகைக்கே பேரம் பேசுவார்.’ ஒரே நிமிடத்தில் நீக்கினேன். ராத்திரி சயனிலிருந்து அந்த மாமாவே போன் செய்தார். “மாப்பிள்ளை, அழிச்சிட்டீங்க போல. நான் படிச்சுட்டேன்.” ஆண்ட்ராய்டு 11 முதல் அறிவிப்பு வரலாறு என்று ஒரு வசதி இருக்கிறது. ஆன் செய்து வைத்தால், திரையில் வந்து போன அறிவிப்புகளின் வாசகம் 24 மணி நேரம் அதில் கிடக்கும், அனுப்பியவர் நீக்கியிருந்தாலும். அவர் பேரன் ஆன் செய்து கொடுத்திருக்கிறான். அன்றிலிருந்து தீபாவளிக்கு எங்கள் வீட்டுக்கு மட்டும் பெரிய ஸ்வீட் பெட்டி வருகிறது. நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

அப்புறம், நேற்று ராத்திரி குழுவில் என்னைப் பற்றி ஒரு வரி போட்டு உடனே நீக்கிய நண்பருக்கு. குழுவில் இப்போது நீக்கப்பட்ட செய்தி என்றுதான் தெரிகிறது, கவலை வேண்டாம். ஆனால் மாமா போன் செய்த அன்றே என் போனிலும் அந்த வசதியை ஆன் செய்துவிட்டேன். ‘விளம்பரப் பிரியர்’ என்பதற்கு இடையின ‘ர’ போட வேண்டும் சார்.