நழுவ விட்ட காலணி

சென்ற வாரம் நண்பர் ஒருவர் ஒரு வரவேற்பு நிகழ்ச்சியில் எடுத்த தம் படத்தை இங்கே பகிர்ந்திருந்தார். அதில் அவர் அணிந்திருந்த டையின் பின்வால் முன்வாலைவிட நான்கு விரற்கடை நீண்டு தொங்கியது, கைக்கடிகாரம் சட்டை மணிக்கட்டுப் பட்டிக்கு மேலே ஏறி உட்கார்ந்திருந்தது, படத்துக்குக் கீழே ‘ஸ்ப்ரெட்சதூரா’ என்று ஒற்றை இத்தாலியச் சொல். தொலைபேசியில் அழைத்துப் பேசியபோது, பின்வால் சரியாக அந்த நீளத்துக்கு வருவதற்காகக் கண்ணாடி முன் நின்று டையை நான்கு முறை அவிழ்த்துக் கட்டியதாக அவரே ஒப்புக்கொண்டார். நான் சிரித்துவிட்டேன். அவரைக் கேலி செய்வதற்காகச் சிரிக்கவில்லை. அந்தச் சொல்லைப் பிரபலமாக்கிய நூலிலேயே, அது அறிமுகமாகும் இடத்துக்கு மிக அருகில், ஏறக்குறைய இதே காரியத்தைச் செய்த ஒருவர் மாட்டிக்கொள்கிறார் என்பது நினைவுக்கு வந்ததால் சிரித்தேன்.

அந்த நூல் பல்தசாரே காஸ்திலியோனே எழுதி 1528இல் வெனிசில் அச்சான ‘அரசவையாளன்’. உரையாடல் நிகழும் காலம் 1507ஆம் ஆண்டு மார்ச் மாதத்து நான்கு இரவுகள், இடம் மத்திய இத்தாலியின் மலைநகரமான ஊர்பினோவின் அரண்மனை. கீல்வாதத்தால் முடங்கிப்போன கோமகன் குயிதோபால்தோ இரவு உணவு முடிந்ததும் படுக்கைக்குப் போய்விடுவார், அவர் மனைவி எலிசபெத்தா கொன்சாகாவைச் சுற்றி அவையோர் கூடிப் பேசுவார்கள், பொழுது போவதற்காக ஒரு விளையாட்டு வைத்துக்கொள்வார்கள். அந்த நான்கு இரவுகளின் விளையாட்டு, குறையே இல்லாத ஓர் அரசவையாளனைச் சொற்களால் உருவாக்கிக் காட்டுவது. முதல் இரவு பேச வந்த லுதொவிகோ தா கனோசா என்ற பிரபு, எந்தச் செயலுக்கும் எழிலைத் தருவது எது என்ற கேள்விக்கு வரும்போது, இதுவரை வழக்கில் இல்லாத ஒரு சொல்லைச் சொல்லிப் பார்க்கிறேன் என்பதுபோலத் தயங்கி, ஒருவகை ‘ஸ்ப்ரெட்சதூரா’ வேண்டும் என்கிறார். கலையை மறைத்து, செய்வதும் சொல்வதும் சிரமமின்றி, கிட்டத்தட்ட யோசிக்காமலேயே நடந்தவைபோலத் தோன்றச் செய்வது என்பது அவர் தரும் விளக்கம்.

‘ஸ்ப்ரெட்சாரே’ என்ற வினைக்கு இகழ்தல், பொருட்டாக மதியாமை என்று பொருள். ஆகவே வேரைப் பார்த்தால் தமிழில் ‘அலட்சியம்’ என்று எழுதத் தோன்றும். 1561இல் ஆங்கிலத்தில் பெயர்த்த தாமஸ் ஹோபியும் கவலையற்ற தன்மை என்ற பொருள் தரும் ஒரு சொல்லைத்தான் போட்டார். என் கருத்தில் நம்மிடம் இருக்கும் சரியான சொல் ‘அநாயாசம்’. ஒருவர் கடினமான ஒன்றை அநாயாசமாகச் செய்தார் என்று நாம் சொல்லும்போது, அது கடினமானது என்பதும் அவர் முகத்தில் அந்தக் கடினம் தெரியவில்லை என்பதும் சேர்ந்தே உள்ளே இருக்கின்றன. அலட்சியம் என்றால் வேலையே நடக்கவில்லை. அநாயாசம் என்றால் வேலை நடந்து முடிந்து கண்ணுக்குத் தெரியாமல் போயிருக்கிறது. இன்று இத்தாலிய நாகரிகம் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் முதலாவதைக் கடைப்பிடித்துக்கொண்டு இரண்டாவதன் பெயரைச் சொல்கிறார்கள்.

இப்போது மாட்டிக்கொண்டவர் கதைக்கு வருகிறேன். பிரபு பேசிக்கொண்டிருக்கும்போதே பெர்னார்தோ பிப்பியேனா என்பவர் குறும்பாகக் குறுக்கிடுகிறார். பொருட்படுத்தாமைதான் சிறப்பு என்றால் நம் ரொபெர்த்தோவை விஞ்ச உலகில் ஆளில்லை, தாம் ஆடுவதைப் பற்றித் தாமே நினைக்கவில்லை என்று காட்டுவதற்காக அவர் தோளிலிருந்து மேலங்கியையும் காலிலிருந்து காலணியையும் நழுவ விட்டுவிட்டு, அவற்றை எடுக்காமலேயே தொடர்ந்து ஆடுகிறாரே என்கிறார். அதற்குப் பிரபு சொல்லும் பதில்தான் இந்த விஷயத்தின் உயிர்நாடி. நீங்கள் அநாயாசம் என்று சொல்வது அப்பட்டமான பாசாங்கு, ஏனென்றால் யோசிக்கவில்லை என்று காட்டுவதற்கு அவர் எவ்வளவு யோசிக்கிறார் என்பது வெளிப்படையாகத் தெரிகிறது என்கிறார் அவர். மேலங்கி விழுவது குற்றமில்லை. அது விழட்டும் என்று விட்ட கையை நாம் பார்த்துவிடுகிறோம், அதுதான் குற்றம். ஃபிளாரன்ஸ் நகரில் ஆண்டுக்கு இருமுறை நடக்கும் பித்தி உவோமோ ஆடைக் கண்காட்சியின் வாசலில், படமெடுப்பவர்கள் கண்ணில் படும்படி காலணியின் ஒரு வாரை மட்டும் மாட்டாமல் விட்டு நடைபோடுகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ரொபெர்த்தோதான் நினைவுக்கு வருகிறார்.

பிரபு இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்கிறார். ஒருவர் இவ்வளவு எளிதாகச் செய்கிறார் என்றால், முயன்றால் இன்னும் எவ்வளவு செய்வாரோ என்ற எண்ணம் பார்ப்பவர் மனத்தில் விழுகிறது, அதாவது இருப்பதைவிட அதிகத் திறமை இருப்பதாகத் தோன்றிவிடுகிறது என்கிறார். இது எழிலைப் பற்றிய பேச்சு மட்டும் அல்ல, பிழைப்பைப் பற்றிய பேச்சும்தான். அரசவையாளனின் சோறு எசமானின் முகக்குறிப்பில் இருந்தது. வாளும் நடனமும் இசையும் பேச்சும் கற்றவன், அவற்றை எல்லாம் கற்க வியர்வை சிந்தினான் என்பது தெரிந்தால் கூலியாளாகத் தோன்றிவிடுவான். காஸ்திலியோனே அப்படி ஓர் அவையில் பணிபுரிந்தவர், 1504 முதல் ஊர்பினோவில் இருந்தவர். அவரும் இந்த வித்தையை நம்மிடமே காட்டுகிறார். நூலின் முன்னுரையில், கோமகன் இறந்த துயரத்தில் சில நாட்களில் இதை எழுதியதாகவும், பிறகு திருத்திக்கொள்ளலாம் என்று இருந்ததாகவும், கைப்படி நேப்பிள்சில் பலர் கைகளுக்குப் போய்விட்டதால் அவசரமாக அச்சிட நேர்ந்ததாகவும் சொல்கிறார். உண்மையில் அவர் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் அதை அடித்துத் திருத்திக்கொண்டே இருந்தார், ஒன்றுக்கு மேற்பட்ட வரைவுகள் இன்றும் இருக்கின்றன. ‘சில நாட்கள்’ என்ற அந்த இரண்டு சொற்களைப் படிக்கும்போது எனக்கு அவர்மேல் கோபம் வருவதில்லை, பிரியம்தான் வருகிறது.

இந்த மறைப்பைக் கையால் தொட்டுப் பார்க்க வேண்டுமென்றால் நேப்பிள்ஸ் தையற்காரர்களின் கோட்டைப் பார்க்க வேண்டும். 1930களில் ருபினாச்சியின் கடையில் வெட்டுநராக இருந்த வின்சென்சோ அத்தொலினி, ஆங்கிலேயக் கோட்டின் தோளில் இருந்த திண்டையும் உள்ளே இருந்த கனத்த அடுக்குகளையும் எடுத்துவிட்டு, சட்டைபோல மெலிதாக விழும் கோட்டுக்கு வழிவகுத்தார். அந்த மரபில் ‘சட்டைத் தோள்’ என்று ஒரு வகை உண்டு. கோட்டின் உடலில் கை பொருந்தும் துளையைச் சிறியதாக, அக்குளை ஒட்டி உயரமாக வெட்டுவார்கள். அதில் பொருத்த வேண்டிய கையின் வாயைத் துளையின் சுற்றளவைவிடச் சில சென்டிமீட்டர் பெரியதாக வெட்டுவார்கள். கூடுதலாக இருக்கும் துணியை ஊசியால் சிறிது சிறிதாகச் சேர்த்து, கையாலேயே அந்தச் சிறிய துளைக்குள் அடக்கித் தைப்பார்கள். முடிந்த பிறகு தோளின் உச்சியில் மெல்லிய சுருக்கங்கள் தெரியும். தெரியாதவர் பார்த்தால், புதிதாகத் தையல் கற்ற பையன் சொதப்பிவிட்டான் என்றுதான் நினைப்பார்.

ஆனால் அந்தச் சுருக்கம் அலங்காரத்துக்காக வந்தது அல்ல. துளை சிறியதாக இருப்பதால் கையைத் தூக்கினால் கோட்டின் உடல் கூடவே ஏறாது, கையின் வாய் பெரியதாக இருப்பதால் தோள்பட்டை அசைய இடம் கிடைக்கும், இந்த இரண்டையும் ஒரே தையலில் சேர்த்ததன் தடம்தான் சுருக்கம். போலியை எப்படிக் கண்டுபிடிப்பது என்றால், கடையில் அணிந்து பார்க்கும்போது பேருந்தில் மேல்கம்பியைப் பிடிப்பதுபோல வலக்கையை உயர்த்துங்கள். காலர் கழுத்தை விட்டு விலகி, கோட்டின் கீழ்விளிம்பு இடுப்புக்கு மேலே ஏறினால், துளை பெரியது, சுருக்கம் கண்துடைப்பு. ஆயத்த ஆடைகளில் திண்டு வைத்த தோளிலேயே மேலே சுருக்கம் மட்டும் பிடித்து விற்பதைப் பார்த்திருக்கிறேன். ரொபெர்த்தோவின் காலணியைத் துணியில் தைத்துவைத்ததுபோல இருக்கும்.

இங்கே எனக்கு ஒரு மனக்குறையும் உண்டு. இந்தப் பேச்சில் எப்போதும் எடுத்துக்காட்டாக வருகிறவர் ஜான்னி அஞ்ஞெல்லி, 1966 முதல் 1996 வரை ஃபியட் நிறுவனத்தின் தலைவர். கடிகாரத்தைச் சட்டைப் பட்டிக்கு மேல் கட்டியவர் அவர்தான், காலர் நுனியின் பொத்தான்களைப் போடாமல் விட்டவரும் அவர்தான். என் நண்பர் நகலெடுத்ததும் அவரைத்தான். ஆனால் அஞ்ஞெல்லியின் கோட்டு அவர் உடலுக்கென்றே அளவெடுத்துத் தைத்தது, அவர் பாட்டனார் ஃபியட்டை நிறுவியவர்களில் ஒருவர், அவர் டை கோணினால் அதை நேராக்கச் சொல்லும் மேலாளர் எவரும் இத்தாலியில் இல்லை. அவரிடம் கணக்கு எழுதிய குமாஸ்தா அதே கோணல் டையோடு வந்திருந்தால் அதற்கு வேறு பெயர் வைத்திருப்பார்கள். கனோசா பிரபு சொன்ன அநாயாசம் எசமானுக்கு முன்னால் நிற்கும் பணியாளனின் கலையாக இருந்தது. அஞ்ஞெல்லியிடம் வரும்போது அது எசமானின் சலுகையாகிவிட்டது. இரண்டையும் ஒரே சொல்லால் அழைப்பது எனக்கு உடன்பாடில்லை.

அந்தச் சொல்லோடு இரட்டைக் குழந்தைபோல எப்போதும் ஒட்டிக்கொண்டு வரும் இன்னொன்று, ‘டோல்சே ஃபார் நியெந்தே’, அதாவது ஒன்றும் செய்யாமலிருப்பதன் இனிமை. நம்மில் சிலர் இதைத் தாயுமானவரின் ‘சும்மா இருக்கின்ற திறம் அரிது’ என்பதோடு சேர்த்து எழுதுகிறார்கள். அவர் சொல்வது சிந்தையை அடக்குவதை, மதிய உணவுக்குப் பின் நாற்காலியில் சாய்வதை அல்ல, எனவே அந்த ஒப்பீட்டை விட்டுவிடலாம். எனக்குக் கேள்வி வேறு. இந்தத் தொடர் இத்தாலிய மொழியில் இருந்தாலும், அதைப் புகழாக்கியவர்களில் பலர் வெளியாட்கள். சுவிட்சர்லாந்தின் ஒரு தீவில் கழித்த நாட்களை நினைவுகூர்ந்த ரூசோ, பிரெஞ்சில் எழுதிக்கொண்டிருக்கும்போதே ‘ஃபார் நியெந்தே’ என்று இத்தாலியச் சொல்லைப் போட்டுக்கொண்டார். 1904இல் அதே தலைப்பில் பழைய ரோம ஆடையணிந்து சாய்ந்திருக்கும் பெண்ணை வரைந்த காட்வர்ட் ஓர் ஆங்கிலேயர். வடக்கிலிருந்து வெயிலுக்காக வந்தவர்களின் கண்ணில் பட்ட இத்தாலி அது.

அப்படி வந்தவர்களில் ஒருவர் மட்டும் சரிபார்க்கக் கிளம்பினார். நேப்பிள்சில் முப்பது, நாற்பதாயிரம் சோம்பேறிகள் திரிகிறார்கள் என்று அவர் கையிலிருந்த வழிகாட்டி நூல் சொன்னது. 1787 மே மாதம் ஜெர்மன் கவிஞர் கெதே அதை நம்பாமல், வெவ்வேறு பொழுதுகளில் தெருத்தெருவாகச் சென்று சும்மா இருப்பவர்களைத் தேடினார். சதுக்கத்தில் நின்றவர்கள் யாராவது கூப்பிடுவார்களா என்று காத்திருந்த சுமைகூலிகள். தரையில் உட்கார்ந்திருந்த சிறுவர்கள், தச்சர்கள் வேலை செய்யும் இடத்தில் மரச்செதில்களையும் கடற்கரையில் ஒதுங்கிய சுள்ளிகளையும் கூடையில் பொறுக்கி, ஊருக்குள் கொண்டுபோய்க் கணப்புச் சட்டிக்கு விற்கிறவர்கள். காலையில் கழுதையோடு காய்கறி கொண்டுவந்த தோட்டக்காரர்கள், திரும்பும்போது தெருவில் கிடந்த கோசு இலைகளையும் சாணத்தையும் வயலுக்கு எருவாக அள்ளிக்கொண்டு போனார்கள். துறைமுகத்துக் கல்மேடையில் மீனவர்கள் சிலர் வெயிலில் படுத்திருந்ததையும் அவர் கண்டார். அன்று காற்று அவர்களுக்குப் பாதகமாக வீசிக்கொண்டிருந்திருக்கலாம் என்று எழுதிவைத்தார்.