குழாய்க்குள் இருக்கும் நட்டம்

"தண்ணீர் வாரியம் நட்டத்தில் ஓடுகிறது, அப்படியானால் யாரோ தின்கிறார்கள்" என்று சொல்லிவிடுவது சுலபம். தின்கிறார்களா என்பது தனிக் கேள்வி. யாரும் ஒரு பைசா தொடாவிட்டாலும் அந்த நட்டம் வரும்.

ஒரு கற்பனை ஊரை எடுத்துக்கொள்வோம். 25,000 இணைப்புகள். நீர்த்தேக்கம், பிரதானக் குழாய், மேல்நிலைத் தொட்டி எல்லாவற்றுக்கும் வாங்கிய கடனின் தவணையும் பராமரிப்பும் சேர்ந்து ஆண்டுக்கு 75 லட்சம். தண்ணீர் ஓடினாலும் ஓடாவிட்டாலும் அது போய்க்கொண்டே இருக்கும். அதற்கு மேல் ஒரு கிலோலிட்டர், அதாவது 1,000 லிட்டர், கூடுதலாகக் கொடுக்க மின்சாரமும் குளோரினும் சேர்த்து 5 ரூபாய். இதுதான் இறுதிநிலைச் செலவு.

கூடுதலாக விற்க விற்க அந்த 75 லட்சம் அதிக லிட்டர்களில் பரவுவதால் சராசரிச் செலவு இறங்கிக்கொண்டே வரும். இரண்டாவது கம்பெனி வந்து அதே தெருவில் இன்னொரு குழாய் பதித்தால் இரண்டு பேருக்கும் செலவு ஏறும். ஊருக்கு ஒரே குழாய் போதும் என்பதால்தான் இதை இயற்கை முற்றுரிமை என்கிறோம்.

சரி, ஒழுங்குமுறை ஆணையம் "கூடுதல் லிட்டருக்கு ஆகும் செலவை மட்டும் வாங்கு" என்கிறது. விலை கிலோலிட்டருக்கு 5 ரூபாய். அந்த விலையில் ஊர் 20 லட்சம் கிலோலிட்டர் வாங்குகிறது என்று வைப்போம். வரவு ஒரு கோடி, ஓட்டும் செலவும் ஒரு கோடி. 75 லட்சம் அப்படியே தொங்குகிறது. இன்னும் அதிகமாக விற்றாலும் தீராது; ஒவ்வொரு லிட்டரும் தன் செலவை மட்டுமே கொண்டுவருகிறது. ஒரு பேட்ஸ்மேனின் சராசரி இறங்குகிறது என்றால் கடைசி ஆட்டத்தில் அடித்த ரன் சராசரியைவிடக் குறைவு என்று அர்த்தம். அதே கணக்குத்தான்: சராசரிச் செலவு இறங்கிக்கொண்டிருக்கும்வரை இறுதிநிலைச் செலவு அதற்குக் கீழேதான் இருக்கும். அதை விலையாக வைத்தால் நட்டம் நிச்சயம்.

அப்புறம் ஏன் அந்த விலையைக் கேட்கிறார்கள்? நட்டமில்லாமல் விற்க விலையை 10 ரூபாயாக்கினால் விற்பனை 15 லட்சமாகச் சுருங்குகிறது என்று கொள்ளுங்கள். 7 ரூபாய் தரத் தயாராக இருந்தவருக்கு, 5 ரூபாயில் கொடுக்க முடிந்த தண்ணீர் போய்ச் சேரவில்லை. அந்த இழப்பு யார் கணக்கிலும் வராது. இதைக் கண்டுதான் பொருளாதார அறிஞர் ஹெரால்ட் ஹோட்டலிங் 1938இல், விலை இறுதிநிலைச் செலவாகவே இருக்கட்டும், நிலையான செலவை வரிப்பணம் ஏற்கட்டும் என்றார். 1946இல் ரொனால்ட் கோஸ் மறுத்தார்: பயன்படுத்தாதவன் ஏன் கட்ட வேண்டும்? அந்தச் செலவு அளவுக்கு மக்களுக்கு அந்தக் குழாய் வேண்டும்தானா என்று எப்படித் தெரியும்? இணைப்புக்கு ஒரு தொகை, லிட்டருக்கு ஒரு தொகை என்று பிரித்து வாங்கலாம் என்றார்.

நான் கோஸ் பக்கம். நம் கற்பனை ஊரில் இணைப்புக்கு மாதம் 25 ரூபாய் வாங்கினால் 75 லட்சமும் வந்துவிடும், கிலோலிட்டர் விலையும் 5 ரூபாயிலேயே நிற்கும். ஆனால் குடிசைக்கும் பங்களாவுக்கும் அதே 25 என்பது அநியாயம். சென்னையில் சொத்தின் ஆண்டு மதிப்பை வைத்துக் குடிநீர் வரி தனியாக வாங்குகிறார்களே, அந்த வழி எனக்குப் பிடிக்கிறது.

5 ரூபாய்க்கு விற்கும் வாரியம் 75 லட்சம் நட்டம் காட்டினால் அது விலை விதியின் நட்டம். 1 கோடியே 10 லட்சம் காட்டினால் மிச்ச 35 லட்சத்துக்குக் கசிவைத் தேடுங்கள், மீட்டர் இல்லாத இணைப்புகளைத் தேடுங்கள். அப்போது திட்டுங்கள், நானும் வருகிறேன்.