போன் கீபோர்டுல மொழி மாத்தற அந்த உலக உருண்டை பட்டனை எங்கே ஒளிச்சு வெச்சிருக்காங்க?

அம்மாவுக்குப் புது போன் வாங்கி மூணு வாரம் ஆச்சு. இத்தனை நாளும் அவங்க எனக்கு ஒரு வரிகூட எழுதலை, எல்லாமே வாய்ஸ் மெசேஜ்தான். கேட்டா, "இதுல தமிழ் வரலைடா"ங்கறாங்க. பழைய போன்ல அழகா எழுதினவங்க!

ஊருக்குப் போய் கையில வாங்கிப் பார்த்தா வயிறு எரியுது. கடைக்காரர்கிட்ட "தமிழ் வேணும்"னு கேட்டிருக்காங்க. அவர் செட்டிங்ஸ்ல மொழியைத் தமிழா மாத்திக் கொடுத்து அனுப்பிட்டார். அதனால போனோட மெனு எல்லாம் தமிழ், கீபோர்டு மட்டும் அப்படியே இங்கிலீஷ். போன் எந்த மொழியில பேசணும்கறது வேற, நாம எந்த மொழியில எழுதறோம்கறது வேற. தினமும் போன் விக்கிறவங்களுக்கு இது தெரிய வேண்டாமா?

அந்த போனோட வந்த கீபோர்டு வேற கம்பெனிக்காரங்களோடது. அதுல தமிழைத் தேடித் தேடி அலுத்துப்போய் கூகுளோட Gboard கீபோர்டைப் போட்டேன். உடனே "நீங்க டைப் பண்றதை எல்லாம், பாஸ்வேர்டு உட்பட, இது சேகரிக்கலாம்"னு ஒரு எச்சரிக்கை வந்து நின்னுச்சு. வெளியே இருந்து எந்தக் கீபோர்டைப் போட்டாலும் ஆண்ட்ராய்டு இதைக் காட்டும். அம்மா தனியா இருந்திருந்தா அங்கேயே பயந்து மூடியிருப்பாங்க.

அப்புறம் சாட்டைத் திறந்து, கீபோர்டு மேல இருக்கற பல்சக்கரத்தைத் தொட்டு, Languages, ADD KEYBOARD, Tamil (India). இங்கேதான் எல்லாரும் தப்பு பண்றாங்க. "தமிழ்", "abc → தமிழ்", கையெழுத்துன்னு பல வகை காட்டும். எதுக்கும் இருக்கட்டும்னு எல்லாத்தையும் டிக் பண்ணிடறோம். அப்புறம் மொழி மாத்தற பட்டனைத் தட்டினா ஒவ்வொண்ணா சுத்தி வருது. தமிழ்ல இருந்து இங்கிலீஷுக்குப் போக மூணு தட்டு, நாலு தட்டு. இதுல தேவையே இல்லாத இன்னொரு மொழி ஏற்கனவே பட்டியல்ல உட்கார்ந்திருந்தா அதுக்கும் ஒரு தட்டு. ஒரு இங்கிலீஷ், ஒரு தமிழ், அவ்வளவுதான் வெக்கணும். மீதி எல்லாத்தையும் எடுத்துட்டா ஒரே தட்டுல இங்கே, ஒரே தட்டுல அங்கே.

எந்தத் தமிழ்? அம்மாவுக்கு "தமிழ்"தான். அ, ஆ, க, ங கண்ணுக்கு எதிர்ல இருக்கும், தேடித் தட்டிப்பாங்க. "abc → தமிழ்" எனக்கு வேகம். ஆனா அது ஊகிச்சுத்தான் எழுதும். palli-ன்னு அடிச்சா பள்ளியும் வரலாம், பல்லியும் வரலாம். மேல இருக்கற பட்டையைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கணும். ல, ள, ழ தெரிஞ்ச மனுஷி எதுக்கு இங்கிலீஷ் எழுத்து வழியா சுத்திட்டு வரணும்?

இவ்வளவும் முடிச்சா, மொழி மாத்தற பட்டனையே காணோம்! ஸ்பேஸ்பாருக்கு இடது பக்கம் உலக உருண்டை இருக்க வேண்டிய இடத்துல ஒரு ஸ்மைலி சிரிச்சுட்டு இருக்கு. Preferences உள்ளே போய் ஸ்மைலிக்கான டிக்கை எடுத்துட்டு, மொழி பட்டனுக்கான டிக்கைப் போட்ட பிறகுதான் உருண்டை வந்துச்சு. அதுவரைக்கும் ஸ்பேஸ்பாரை அழுத்திப் பிடிச்சுத்தான் மாத்தணும். யாராவது சொல்லாம அது எப்படித் தெரியும்? இது போதாதுன்னு திரையோட அடியோரத்துல இன்னொரு குட்டிக் கீபோர்டு படம். அதைத் தொட்டா மொழி மாறாது, கீபோர்டு ஆப்பே மாறிடும். அம்மா இத்தனை நாளா அதைத்தான் தொட்டுத் தொட்டுப் பார்த்துட்டு இருந்திருக்காங்க.

நாம பேசறதே ரெண்டும் கலந்துதான். "S7 கோச்ல ஏறிட்டேன்"னு எழுத முதல்ல இங்கிலீஷ், அப்புறம் தமிழ். இந்தச் சின்ன வரிக்கே ஒரு தடவை மாத்தணும். ஒரு நாளைக்கு நூறு தடவை தேவைப்படற பட்டன் இது. ரெண்டாவது மொழியைச் சேர்த்த அந்த நிமிஷமே அது தானா முன்னாடி வந்து நிக்க வேண்டாமா? ஸ்மைலி இல்லாம ஒரு வரி எழுதிடலாம். எழுத்தே இல்லாம எப்படி எழுதறது?

நேத்து ராத்திரி அம்மா அனுப்பினாங்க: "சாப்டியா. OTP வந்துச்சு, யாருக்கும் சொல்லலை." மூணு வாரத்துக்கு அப்புறம் வந்த முதல் வரி. அத்தை வீட்டுலயும் இதே போன்தான் வாங்கியிருக்காங்களாம். அவங்களும் வாய்ஸ் மெசேஜ்தான் அனுப்பறாங்க.