மெஷின் கேட்கும் அந்தக் கேள்விக்கு என் பதில்: அந்த ஊர்ப் பணம்

வெளிநாட்டில் கார்டைச் செருகியதும், பின் நம்பர் கேட்பதற்கு முன்னால் மெஷின் சில சமயம் ஒரு கேள்வி கேட்கும். ஒரு பக்கம் அந்த ஊர்ப் பணத்தில் பில் தொகை, இன்னொரு பக்கம் அதே தொகை நம் நாட்டுப் பணத்தில். எதில் கட்டப்போகிறீர்கள்? பழகிய பணத்தைப் பார்த்ததும் விரல் தானாக அங்கே போகும். போகட்டும் என்றுதான் திரையையே அப்படி அமைத்திருக்கிறார்கள் என்பது என் அபிப்பிராயம். இதில் சட்டவிரோதமாக எதுவும் இல்லை. ஆனாலும் வசதி என்ற பெயரில் விற்கப்படும் இந்தச் சேவை பெரும்பாலானவர்களுக்கு நஷ்டம்தான். எப்படி என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இதற்கு டைனமிக் கரன்சி கன்வெர்ஷன் என்று பெயர், சுருக்கமாக டிசிசி. நம் கார்டு எந்த நாட்டுடையது என்று கடை மெஷினுக்கு எப்படித் தெரிகிறது? கார்டு எண்ணின் முதல் சில இலக்கங்கள், எந்த வங்கி எந்த நாட்டில் கொடுத்த கார்டு என்பதைக் காட்டிக்கொடுத்துவிடும். அதை வைத்து, கடைக்காரருக்கு மெஷின் கொடுத்திருக்கும் வங்கியோ அதனுடன் கூட்டு வைத்திருக்கும் ஒரு கம்பெனியோ தன் சொந்த மாற்று விகிதத்தில் ஒரு தொகையைக் கணக்கிட்டுத் திரையில் போடுகிறது. அந்த விகிதத்துக்குள் ஒரு லாபம் இருக்கிறது. அதில் ஒரு பங்கு கடைக்காரருக்கும் போகும். கவுண்டரில் இருப்பவர் சில இடங்களில் நம் பணத்தையே அத்தனை அக்கறையாகச் சிபாரிசு செய்வது இதனால்தான்.

சரி, அந்த ஊர்ப் பணத்திலேயே கட்டினால் என்ன நடக்கும்? பில் தொகை அப்படியே விசா, மாஸ்டர்கார்டு போன்ற நெட்வொர்க்குக்குப் போகும். அவர்கள் தங்கள் அன்றாட விகிதத்தில் அதை நம் பணமாக மாற்றுவார்கள். இந்த விகிதம் மொத்தச் சந்தை விகிதத்துக்கு ரொம்பவே பக்கத்தில் இருக்கும். அதை அவர்களுடைய இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அதற்கு மேல் நம் வங்கி தன் பங்குக்கு அந்நியச் செலாவணி மார்க்அப் என்று ஒன்று போடும். கார்டைப் பொறுத்து அது பூஜ்யமாகவும் இருக்கலாம், 3 சதவீதத்தைத் தாண்டியும் போகலாம். அந்தச் சதவீதம் நம் கார்டின் கட்டண அட்டவணையில் எழுதியிருக்கும். பயணத்துக்கு முன் முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய எண் அதுதான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஹோட்டல் பில் 400 யூரோ. கணக்கு சுலபமாக இருக்க, ஒரு யூரோவுக்கு நம் நாட்டுப் பணம் 100 என்பது சந்தை விகிதம் என்று வைத்துக்கொள்வோம். நெட்வொர்க் விகிதம் 100.30, நம் வங்கி மார்க்அப் 2 சதவீதம். யூரோவில் கட்டினால் முதலில் 40,120 ஆகும். அதன் மேல் 2 சதவீதம் என்றால் சுமார் 802. மொத்தம் 40,922.

இப்போது மெஷின் காட்டும் இன்னொரு தொகை 42,400 என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை 400-ஆல் வகுத்தால் ஒரு யூரோவுக்கு 106 வருகிறது, அதாவது சந்தையைவிட 6 சதவீதம் அதிகம். இதை அரிதான உதாரணம் என்று நினைக்க வேண்டாம். டிசிசியில் இந்த அளவு மார்க்அப் சகஜம், இதைவிட அதிகமாகவும் பார்க்கலாம். வித்தியாசம் கிட்டத்தட்ட 1,500. வங்கி மார்க்அப் 3.5 சதவீதம் இருக்கிற கார்டாக இருந்தாலும் யூரோ வழியில் 41,524-தான் வரும். அப்போதும் யூரோதான் மலிவு.

இதோடு முடிந்தால்கூடப் பரவாயில்லை. நம் பணத்திலேயே கட்டிவிட்டோமே, இனி வங்கி மார்க்அப் வராது என்றுதான் யாரும் நினைப்பார்கள். மார்க்அப் என்ற பெயரில் வராமல் போகலாம். ஆனால் கடை வெளிநாட்டில் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக, தொகை நம் பணத்திலேயே வந்தாலும் ஒரு கட்டணம் போடுகிற வங்கிகள் உண்டு. அது 1 சதவீதம் என்று வைத்தால், மேலே சொன்ன 42,400-க்கு இன்னொரு 424 சேரும். ஒரே பில்லுக்கு இரண்டு தண்டம். திரை இதைச் சொல்லாது. சொல்லவும் முடியாது, நம் வங்கியின் கட்டணம் அந்த மெஷினுக்குத் தெரியாது.

என் கோபத்தின் மையமே இதுதான். கேள்வி கேட்கும் மெஷினிடம் பாதி விவரம்தான் இருக்கிறது. யூரோவில் கட்டினால் கடைசியில் எவ்வளவு ஆகும் என்பது அதற்குத் தெரியாது. ஆனாலும் இரண்டு தொகைகளையும் பக்கத்துப் பக்கத்தில் நிறுத்தி, ஒன்று உறுதியானது, இன்னொன்று எப்படி ஆகுமோ என்ற தோற்றத்தைக் கொடுக்கிறது. கூடவே 'கமிஷன் இல்லை' என்று ஒரு வரி. கமிஷன் தனியாக இல்லைதான், அது விகிதத்துக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது.

ஐரோப்பிய ஒன்றியம் இதைக் கொஞ்சம் சரிசெய்யப் பார்த்தது. 2019-இல் ஒரு ஒழுங்குவிதி கொண்டுவந்தார்கள். அதன்படி 2020 ஏப்ரல் 19 முதல், இப்படி மாற்றிக் கொடுப்பவர்கள் மொத்தக் கட்டணத்தை ஐரோப்பிய மத்திய வங்கியின் குறிப்பு விகிதத்துக்கு மேல் இத்தனை சதவீதம் என்று காட்ட வேண்டும். நல்ல விஷயம்தான். 6 சதவீதம் என்று எழுதியிருந்தால் யாருக்கும் ஒரு நிமிடம் கை நிற்கும். ஆனால் அந்த 6 எதோடு ஒப்பிட வேண்டிய 6? நம் வங்கியின் 2-உடன். அந்த 2 தெரியாதவருக்குத் திரையில் எந்தச் சதவீதம் போட்டாலும் அது வெறும் எண்தான். என்னைக் கேட்டால், கேள்வியே தலைகீழாக இருக்க வேண்டும். எதையும் தொடாவிட்டால் அந்த ஊர்ப் பணத்தில் போக வேண்டும், மாற்றம் வேண்டும் என்பவர் தேடிப் போய்க் கேட்க வேண்டும்.

டிசிசிக்கு ஆதரவாகச் சொல்லப்படும் வாதத்தையும் சொல்லிவிடுகிறேன். எவ்வளவு போகிறது என்று அங்கேயே தெரிந்துவிடும், பிறகு ஆச்சரியம் இருக்காது. உண்மைதான். யூரோவில் கட்டினால் கணக்கில் பதிவாகச் சில நாள் ஆகலாம், அதற்குள் விகிதம் கொஞ்சம் நகரலாம். ஆனால் சாதாரண நாட்களில் பெரிய நாணயங்கள் அந்த இடைவெளியில் 6 சதவீதம் நகர்வதில்லை. அலுவலகச் செலவுக்கு நம் பணத்தில் ரசீது வேண்டும் என்பவர்கள் எடுத்துக்கொள்ளட்டும். அப்புறம், திரையில் இருக்கும் மார்க்அப் நம் வங்கியுடையதைவிட நிஜமாகவே குறைவாக இருந்தால் நம் பணத்தில் கட்டுவதில் தப்பே இல்லை. அப்போதும் அந்த 1 சதவீதம் மாதிரி ஏதாவது நம் வங்கி போடுமா என்பதைச் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

கடையைவிட ஏடிஎம்மில்தான் குழப்பம் அதிகம். பணம் எடுக்கும்போது "Accept conversion", "Decline conversion" என்று இரண்டு பட்டன் வரும். இரண்டாவதைத் தொட்டால் பணமே வராது என்று பலர் பயப்படுகிறார்கள். வரும். நிராகரிப்பது மாற்றத்தை மட்டும்தான், பரிவர்த்தனையை அல்ல. சில மெஷின்கள் ஒரு தடவை மறுத்த பிறகும், உறுதியாகத்தான் சொல்கிறீர்களா என்று வேறு வார்த்தையில் திரும்பக் கேட்கும். மறுபடியும் மறுத்தால் பணம் வந்துவிடும். ஏடிஎம் தனக்கென்று போடும் கட்டணம் வேறு, அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை, மறுத்தாலும் அது வரும்.

ஹோட்டலிலும் வாடகைக் காரிலும் கேள்வி திரையில் வராமலே போகலாம். உள்ளே போகும்போது கையெழுத்துப் போடும் படிவத்தில், கடைசிக் கணக்கை என் நாட்டுப் பணத்தில் எடுத்துக்கொள்ள சம்மதம் என்று சின்ன எழுத்தில் ஒரு வரி, ஏற்கெனவே டிக் அடித்த கட்டத்தோடு. கையெழுத்துக்கு முன்னாலேயே அந்த டிக்கை எடுத்துவிடச் சொல்வது நல்லது.

இன்னொரு வகை, வெளிநாட்டுப் பணத்தை முன்கூட்டியே ஏற்றிக்கொண்டு போகும் டிராவல் கார்டு. கார்டில் யூரோ இருக்கிறது, பில்லும் யூரோவில். மாற்றமே தேவையில்லை. ஆனால் மெஷினுக்குத் தெரிவது கார்டு கொடுத்த நாடு மட்டும்தான், உள்ளே இருக்கும் யூரோ தெரியாது. அது நம் பணத்தில் கட்டச் சொல்லும். சம்மதித்தால், கார்டின் விதிகளைப் பொறுத்து யூரோ நம் பணமாகி, அந்தத் தொகைக்காக மறுபடி யூரோ கழிக்கப்படலாம். மாற்றமே வேண்டாம் என்று வாங்கிய கார்டில் இரண்டு மாற்றம்!

கடைசியாக, நம்மைக் கேட்காமலே கவுண்டரில் இருப்பவர் பட்டனை அழுத்திவிட்டால்? விசா, மாஸ்டர்கார்டு விதிகளின்படி தேர்வு கார்டு வைத்திருப்பவருடையது, கடைக்காரர் முடிவு செய்யக்கூடாது. ரசீதை அங்கேயே பாருங்கள். இரண்டு நாணயத் தொகைகளும் மாற்று விகிதமும் அச்சாகியிருந்தால், கூடவே 'எனக்குத் தேர்வு தரப்பட்டது' என்ற பொருளில் ஒரு வரி இருந்தால், அது டிசிசி. உடனே ரத்து செய்து அந்த ஊர்ப் பணத்தில் மறுபடி போடச் சொல்லலாம், அதுதான் சுலபமான வழி. முடியாது என்றால் கையெழுத்துக் கேட்கும் இடத்தில் போடாதீர்கள், அல்லது 'தேர்வு தரப்படவில்லை' என்று ரசீதிலேயே எழுதி ஒரு படம் எடுத்து வையுங்கள். ஊருக்கு வந்த பிறகு வங்கியில் தகராறு மனு கொடுக்கலாம். விசாவில் தவறான நாணயம் என்பதற்கென்றே 12.3 என்ற தனி வகை இருக்கிறது. வாடிக்கையாளர் சேவையில் பேசுபவருக்கு டிசிசி என்றால் என்னவென்று தெரியாமல் போகலாம், அப்போது அந்த எண்ணைச் சொல்லிப் பாருங்கள். மனுவில் பில் தொகை, ரசீதில் இருக்கும் விகிதம், தேர்வு தரப்படவில்லை என்ற ஒரு வரி, இந்த மூன்றும் இருந்தால் போதும். ஆனால் பட்டனை நாமே தொட்டிருந்தால் மனுவுக்கு இடமில்லை, ஆங்கிலம் புரியவில்லை, அவசரம் என்பதெல்லாம் அங்கே செல்லாது.